“நாலு வருஷத்தில் 900 பேரை எடுத்தேன்” என்று ரெஸ்யூமேயில் எழுதலாமா?

கேள்வி: வணக்கங்க மேடம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நாலு வருஷமாக ஹெச்.ஆர். எக்ஸிக்யூட்டிவாக இருக்கிறேன். ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது, பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஆடிட் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். கல்யாணமாகி கோயம்புத்தூர் வந்துவிட்டதால் இங்கே பம்பு, என்ஜினியரிங் கம்பெனிகளுக்கு ரெஸ்யூமே அனுப்புகிறேன். ஒரு அழைப்பும் இல்லை. “எண்களைப் போடு” என்று தோழி சொன்னாள். “900 பேருக்கு மேல் வேலைக்கு எடுத்தேன், 100 சதவீதத் துல்லியத்தோடு சம்பளம் போட்டேன்” என்று சேர்த்தேன். அப்புறமும் பலனில்லை. ஒருவரை எடுக்க எத்தனை நாள் ஆகிறது என்று எங்கள் கம்பெனியில் யாரும் கணக்கு வைத்ததில்லை. உத்தேசமாக ஒரு எண் போடலாமா? ரெஸ்யூமேயையும், பதிவேட்டிலிருந்து எடுத்த ஒரு வருஷக் கணக்கையும், அதற்கு முந்தைய வருஷம் சேர்ந்தவர்கள் விவரத்தையும், என் குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வணக்கம் அம்மணி. உத்தேச எண் வேண்டாம். உங்கள் கையில் உள்ள பதிவேட்டிலேயே நல்ல எண்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்தாலே போதும். அதற்கு முன்னால் அந்த 900 ஏன் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி ஹெச்.ஆர். மேலாளர் உங்கள் ரெஸ்யூமேயைப் பிரிக்கிறார். மேலே “சுமார் 420 பேர் வேலை செய்யும் நிறுவனம்” என்று இருக்கிறது. கீழே நாலு வருஷத்தில் 900 பேரை எடுத்ததாக இருக்கிறது. அவர் மனதுக்குள் உடனே ஒரு கழித்தல் ஓடும். அத்தனை பேரை எடுத்தும் ஆள் கூடவில்லை என்றால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம்? அவருடைய தொழிற்சாலையில் ஒரு மெஷினிஸ்ட் பத்து வருஷம் இருப்பார். வருஷத்துக்கு 20, 30 பேர் சேர்ந்தாலே அங்கே அது பெரிய விஷயம். திருப்பூரில் பவர் டேபிள் டெய்லர் எப்படி வருவார், எப்படிப் போவார், தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பும்போது எப்படிப் பக்கத்துக் கம்பெனியில் உட்கார்ந்துவிடுவார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆள் நிற்காத இடத்தில் வேலை பார்த்தவர் என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் சேதி. நீங்கள் பட்ட பாடு அந்த எண்ணில் தெரிவதில்லை.

அதனால் எடுத்த ஆட்களின் எண்ணைத் தனியாக நிறுத்தாதீர்கள். எந்த வருஷம், எத்தனை பேர் உள்ள இடத்தில், எந்த வகை வேலைக்கு, அதில் எத்தனை பேர் நின்றார்கள் என்பவை கூடவே வர வேண்டும். நீங்கள் அனுப்பிய 2024-25 கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 அன்று 412 பேர். வருஷத்தில் சேர்ந்தவர்கள் 236. விலகியவர்கள் 221. மார்ச் 31 அன்று 427. 412-உடன் 236-ஐக் கூட்டி 221-ஐக் கழித்தால் 427 வருகிறது, கணக்கு நேராகிறது. இந்தக் கூட்டல் கழித்தலை ஒவ்வொரு வருஷத்துக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். நேராகாத வருஷத்தை ரெஸ்யூமேயில் தொடாதீர்கள். பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் ஆட்களை ஒரு பக்கம் சேர்த்து மறுபக்கம் விட்டிருப்பீர்கள், அதனால்தான் இடிக்கும். கம்பெனி நேரடிப் பதிவில் இருப்பவர் வேறு, ஒப்பந்தக்காரர் கொண்டுவந்தவர் வேறு. இரண்டையும் கலந்து எழுதினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் 236 பேரைப் பதிவேட்டில் பிரித்துப் பார்த்தால் 229 பேர் தளத் தொழிலாளர்கள்: டெய்லர், கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஹெல்பர். மீதி 7 பேர் அலுவலக ஊழியர்கள். இந்த இரண்டு வகையையும் ஒரே வரியில் போடக்கூடாது. எடுக்கும் விதமும் வேறு, அளக்கும் கோலும் வேறு.

சேர்ந்தவர் கணக்கில் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பி.எஃப்.-க்காக மாதாமாதம் ஏற்றும் கணக்கான இ.சி.ஆர். கோப்புகளில் அந்த வருஷம் புதிதாக வந்த பெயர்கள் எத்தனை, இ.எஸ்.ஐ. தளத்தில் புதிதாகச் சேர்த்தவர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பதிவேட்டில் 236, இ.சி.ஆர்.-இல் 190 என்று வந்தால் நடுவில் உள்ளவர்கள் யார்? நம் பக்கம் இது அடிக்கடி வரும். சேர்ந்து மூன்று நாளில் நின்றவரை அப்படியே விட்டுவிடுவார்கள். பி.எஃப்.-உம் இ.எஸ்.ஐ.-யும் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பொருந்தும் என்பது கோயம்புத்தூரில் எந்த அனுபவசாலிக்கும் தெரியும். “சேர்ந்தவர் 236 என்கிறீர்கள், புது யு.ஏ.என். எத்தனை?” என்று அவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். யு.ஏ.என். என்கிற பி.எஃப். உறுப்பினர் எண்ணை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புது எண் வாங்க மாட்டார்கள், பழைய எண்ணோடுதான் இணைக்கப்படுவார்கள். அதனால் புது யு.ஏ.என். எண்ணிக்கை சேர்ந்தவர் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருப்பது இயல்புதான். அந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தால் நீங்கள் வேலையைக் கையால் செய்தவர் என்று அங்கேயே புரிந்துவிடும்.

உங்கள் பதிவேட்டில் இருக்கும் மிக நல்ல எண்ணை ரெஸ்யூமேயில் நீங்கள் எழுதவே இல்லை. 229 தளத் தொழிலாளர்களில் 90 நாளைத் தாண்டியவர்கள் 154 பேர். அதாவது 67 சதவீதம். அதற்கு முந்தைய வருஷம் 251 பேர் சேர்ந்து 141 பேர் 90 நாளைத் தாண்டியிருக்கிறார்கள், 56 சதவீதம். ஒரே வருஷத்தில் 11 புள்ளி ஏறியிருக்கிறது. நீங்கள் பட்ட பாடு தெரிவது இந்த இடத்தில்தான். 251 பேரை எடுத்த வருஷத்தைவிட 229 பேரை எடுத்த வருஷத்தில் நிலைத்தவர்கள் அதிகம். பம்பு கம்பெனி மேலாளருக்கு 900 எதையும் சொல்லவில்லை. இந்த 56-உம் 67-உம் சொல்லும்.

இந்த எண்ணை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. மார்ச் மாதம் சேர்ந்தவருக்கு 90 நாள் முடிவது ஜூனில். ஏப்ரல் மாதமே கணக்கெடுத்தால் கடைசி மூன்று மாதம் சேர்ந்தவர்கள் “இன்னும் இருக்கிறார்கள்” என்று எண்ணப்பட்டு சதவீதம் பொய்யாக ஏறிவிடும். எல்லோருக்கும் 90 நாள் முடிந்த பிறகு எண்ணியதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஏன் ஏறியது என்று கேட்பார்கள். உங்கள் குறிப்பில், புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு முன்னால் நேரில் பார்த்து, பீஸ் ரேட்டும் பிடித்தமும் எப்படி வரும் என்று விளக்க ஆரம்பித்ததாக எழுதியிருக்கிறீர்கள். விடுதியில் ஒடியா தெரிந்த ஒருவரைப் பொறுப்பாகப் போட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். முதல் வாரச் சம்பளம் கைக்கு வரும்போது “சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று” என்று தோன்றினால் அந்த ஆள் திங்கட்கிழமை வர மாட்டார். இதைத் திருப்பூரில் வேலை பார்த்த எல்லோரும் அறிவார்கள். ஆனால் இந்தக் காரணத்தால் மட்டுமே 11 புள்ளி ஏறியது என்று சொல்லிவிடாதீர்கள். ஆர்டர் நன்றாக இருந்து ஓவர்டைம் கிடைத்ததா, பக்கத்துக் கம்பெனிகளில் வேலை குறைந்ததா, இவையும் சேர்ந்தே இருக்கும். “நான் இதைச் செய்தேன், அந்த வருஷத்தில் இப்படி மாறியது” என்ற அளவில் நிறுத்துங்கள்.

அடுத்து, ஆளை எடுக்க ஆகும் நாள். இதில் இரண்டு அளவுகள் இருக்கின்றன, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவர் விண்ணப்பித்த நாள் அல்லது நாம் அவரை முதலில் தொடர்புகொண்ட நாளிலிருந்து, ஆஃபரை ஏற்றுக்கொண்ட நாள்வரை ஆகும் காலம்தான் டைம் டு ஹயர். இடம் காலி என்று ஒப்புதல் வந்த நாளிலிருந்து அந்த இடம் நிரம்பும்வரை ஆகும் காலம் டைம் டு ஃபில். இதன் முடிவை ஆஃபர் ஏற்ற நாளாகச் சில கம்பெனிகள் வைக்கும், சேர்ந்த நாளாகச் சில கம்பெனிகள் வைக்கும். ஊழியர்களுக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் நோட்டீஸ் இருப்பதால் இந்த வித்தியாசமே 60 நாள்வரை போகும். ஆகவே எண்ணோடு “ஒப்புதலிலிருந்து ஆஃபர் ஏற்பு வரை” என்று அரை வரி சேர்த்து எழுதுங்கள்.

கம்பெனி கணக்கு வைக்கவில்லை என்றாலும் தேதிகள் எங்கேயும் போய்விடவில்லை. முதலாளியோ பொது மேலாளரோ “ஆள் பாருங்கள்” என்று அனுப்பிய மெயில் ஒரு தேதி. அந்த நபரின் ரெஸ்யூமே உங்களுக்கு வந்த மெயில் இரண்டாவது தேதி. ஆஃபரை ஏற்று அவர் பதில் போட்டது மூன்றாவது. நியமனக் கடிதத்தில் உள்ள சேர்ந்த நாள் நாலாவது. எக்செலில் A-இல் பதவி, B-யில் ஒப்புதல், C-யில் ரெஸ்யூமே வந்த நாள், D-யில் ஆஃபர் ஏற்பு, E-யில் சேர்ந்த நாள் என்று ஏழு வரி போட்டால் முடிந்தது.

```
F2:  =D2-B2
F9:  =AVERAGE(F2:F8)
F10: =MEDIAN(F2:F8)
```

F2-இல் உள்ளதை F8 வரை இழுத்துவிடுங்கள். உங்கள் ஏழு பேருக்கும் நீங்கள் தந்த தேதிகளை வைத்து இப்படிப் போட்டேன். ஒப்புதலிலிருந்து ஆஃபர் ஏற்பு வரை 14, 16, 19, 21, 24, 27, 96 நாள்கள் வந்தன. கூட்டினால் 217, ஏழால் வகுத்தால் சராசரி 31 நாள். ஆனால் ஏழில் ஆறு பேரை நீங்கள் 27 நாளுக்குள் எடுத்துவிட்டீர்கள். இண்டஸ்ட்ரியல் என்ஜினியரிங் மேலாளர் பதவிக்கு முதலில் ஆஃபரை ஏற்றவர் வராமல் போனதால் மறுபடி முதலிலிருந்து தேடி, 96 நாள் ஆகியிருக்கிறது. அந்த ஒன்று சராசரியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 21 நாள். இங்கே அந்த நடு எண்ணே உங்கள் வேலையைச் சரியாகக் காட்டுகிறது. ரெஸ்யூமேயில் “7 ஊழியர் பதவிகள், ஒப்புதலிலிருந்து ஆஃபர் ஏற்பு வரை நடு மதிப்பு 21 நாள்” என்று எழுதுங்கள். 96-ஐ மறைக்கச் சொல்லவில்லை. “அதிகபட்சம் எவ்வளவு?” என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். ஆஃபரை ஏற்ற பிறகு சேரும் நாள்வரை அந்த நபரோடு எப்படித் தொடர்பில் இருக்க வேண்டும் என்று அதில் கற்றுக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த ஹெச்.ஆர். மேலாளருக்கும் அந்த அனுபவம் உண்டு, தலையாட்டுவார். ஏழு பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எத்தனை பேரை வைத்துக் கணக்கிட்டது என்று தெரியாத நடு மதிப்பை நம்ப முடியாது.

டெய்லருக்கு இந்த அளவு பொருந்தாது. கேட்டில் வந்து நிற்பார், அரை மணி நேரம் மெஷினில் தைத்துக் காட்டுவார், மறுநாள் சேர்ந்துவிடுவார். “டைம் டு ஹயர் ஒரு நாள்” என்று எழுதினால் விஷயம் தெரிந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது, புரொடக்‌ஷன் மேலாளர் ஆள் கேட்ட இண்டெண்ட் எத்தனை நாளில் எவ்வளவு நிரம்பியது என்பது. தீபாவளி முடிந்த நவம்பரில் 40 டெய்லர் கேட்டு 15 நாளில் 31 பேரைக் கொடுத்திருக்கிறீர்கள். வருஷத்தில் ஆள் கிடைக்கக் கடினமான வாரங்கள் அவை. வருஷ சராசரியைவிட அந்த ஒரு இண்டெண்ட் உங்கள் திறமையை நன்றாகக் காட்டும். நேர்காணலில் சொல்வதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமேயில் அரை வரி போதும்.

இப்போது சம்பளம். “100 சதவீதத் துல்லியம்” என்பதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வாரா வாரம் பீஸ் ரேட்டில் சம்பளம் போட்ட எவருக்கும் 100 சதவீதம் என்று ஒன்று கிடையாது. திங்கட்கிழமை காலையில் உங்கள் மேசை முன்னால் நாலு பேர் நிற்பார்கள்: ஒருவருக்கு பீஸ் எண்ணிக்கை குறைந்திருக்கும், ஒருவருக்கு அட்வான்ஸ் இரண்டு முறை பிடித்திருக்கும், ஒருவருக்கு அரை ஷிப்ட் விட்டுப்போயிருக்கும். இதைப் பார்த்தவர் அந்த 100-ஐப் படித்ததும் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்.

நீங்கள் செய்தது என்ன என்பதை அப்படியே எழுதினாலே கனமாக இருக்கிறது. 395 பேருக்கு வாரச் சம்பளம், 32 பேருக்கு மாதச் சம்பளம், இரண்டும் ஒருவர் கையில். வருகைப் பதிவு எந்திரத்திலிருந்து தகவல் எடுப்பது, ஓவர்டைம், பீஸ் கணக்கு, அட்வான்ஸ் பிடித்தம், வங்கிக் கோப்பு தயாரிப்பது என்று எது எதுவரை நீங்கள் செய்தீர்கள், எங்கே கணக்காளரிடம் கை மாறியது என்பதையும் குறிப்பிடுங்கள். “சம்பளம் பார்த்தேன்” என்றால் எக்செலில் வருகை ஏற்றியவரும் அதையே எழுதலாம், முழுச் சம்பளத்தையும் முடித்தவரும் அதையே எழுதலாம். தயாரித்தேன், சரிபார்த்தேன், ஒப்புதலுக்கு அனுப்பினேன் என்ற மூன்று வினைச்சொற்களில் எது உங்களுக்குப் பொருந்துகிறதோ அதைப் போடுங்கள். சம்பளம் கொடுத்த பின் வந்த புகார்களை எழுதி வைத்த நோட்டு உங்களிடம் இருந்தால், வாரத்துக்கு எத்தனை திருத்தம் வந்தது, அது எப்படிக் குறைந்தது என்பது 100 சதவீதத்தைவிட நூறு மடங்கு நம்பத்தக்கது. நோட்டு இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம்.

வாரச் சம்பளம் கோயம்புத்தூர் என்ஜினியரிங் கம்பெனிகளில் அவ்வளவாக இருக்காது. அதனால் “உங்கள் அனுபவம் இங்கே பொருந்துமா” என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்க, வாரக் கணக்கை மாத பி.எஃப்.-க்கு எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று சொல்லத் தயாராக இருங்கள். ஒரு வாரம் திங்கள், செவ்வாய் மார்ச்சிலும் மீதி ஏப்ரலிலும் விழுந்தால், உழைத்த நாள் எந்த மாதமோ அந்த மாதத்து ஊதியத்தில் அதைப் பிரித்துச் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை கொடுத்த பணத்தை அப்படியே அந்த மாதத்தில் போட்டால் ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் ஊதியம் வீங்கித் தெரியும், அடுத்த மாதம் இளைக்கும். இன்னொரு கேள்வி நிச்சயம் வரும்: “ஜூலையில் சம்பளம் உயர்ந்து ஒருவர் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ.-யை எப்போது நிறுத்துவீர்கள்?” ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலத்தின் தொடக்கத்தில் உள்ளே இருந்தவர் நடுவில் தாண்டினாலும் செப்டம்பர் முடியும்வரை பிடிக்க வேண்டும், தொழிலாளி பங்கு 0.75, கம்பெனி பங்கு 3.25 சதவீதம், அதுவும் அவர் வாங்கும் உயர்ந்த சம்பளத்தின் மேல். இதை ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம். ஆனால் “427 பேருக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். பார்த்தேன்” என்று எழுதியவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் எடை போடுவார்கள். அந்த 427-ஐயே ஒருமுறை சரிபாருங்கள். 21,000-க்கு மேல் வாங்கும் மேலாளர்கள் இ.எஸ்.ஐ.-இல் இருக்க மாட்டார்கள், ஆகவே பி.எஃப். எண்ணிக்கையும் இ.எஸ்.ஐ. எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை.

சட்டப் பணிகள் பகுதியில் நீங்கள் பத்துச் சட்டங்களின் பெயரை அடுக்கியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தால் பாடத்திட்டம் போல இருக்கிறது, வேலை தெரியவில்லை. திருப்பூரில் நிறையக் கம்பெனிகள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலையை வெளியே ஒரு கன்சல்டன்ட்டிடம் கொடுத்துவிடும். நீங்கள் தகவலை எக்செலில் அனுப்ப, அவர் தளத்தில் ஏற்றுவார். அப்படி என்றால் “கன்சல்டன்ட் வழியாக” என்று எழுதுவதில் குறைவு ஒன்றும் இல்லை. நீங்களே ஏற்றியிருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், அது பெரிய வித்தியாசம். பி.எஃப்.-உம் இ.எஸ்.ஐ.-யும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். இ.பி.எஃப்.ஓ. தளத்தில் ஒவ்வொரு மாதச் சலானுக்கும் பணம் கட்டிய தேதி இருக்கும். கடைசி 24 மாதங்களைத் திறந்து பாருங்கள். 24-உம் 15-க்குள் இருந்தால் “24 மாதங்களில் 24 முறை கெடுவுக்குள்” என்று எழுதலாம். ஏதாவது இரண்டு மாதங்களில் தேதி தள்ளிப் போயிருந்தால், பெரும்பாலும் பணம் இல்லாததுதான் காரணமாக இருக்கும், அது உங்கள் தவறல்ல. அப்போது “ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் இ.சி.ஆர். தயாரித்துக் கொடுத்தேன்” என்று உங்கள் கையில் இருந்த பகுதியை மட்டும் சொல்லுங்கள். கோப்பை ஏற்றியதும் பணம் கட்டியதும் இரண்டு தனி வேலைகள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் தணிக்கைகளை நீங்கள் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள், மேலே கொண்டுவாருங்கள். எஸ்.ஏ.8000, ஸ்மெட்டா போன்ற தணிக்கைகளில் உட்கார்ந்தவருக்கு வேலை நேரப் பதிவு, ஓவர்டைம், வயதுச் சான்று, ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணம் எல்லாம் விரல் நுனியில் இருக்கும். கோயம்புத்தூரில் ஏற்றுமதி செய்யும் வார்ப்பு, உதிரிபாகக் கம்பெனிகளுக்கும் இப்போது இதே போன்ற தணிக்கைகள் வருகின்றன. எத்தனை தணிக்கைகளில் ஹெச்.ஆர். ஆவணங்களுக்கு நீங்கள் பொறுப்பாக இருந்தீர்கள், ஹெச்.ஆர். சார்ந்து எத்தனை குறை எழுதினார்கள், அவை கெடுவுக்குள் மூடப்பட்டனவா என்பது போதும். குறை என்ன என்று விவரிக்க வேண்டாம், அது கம்பெனியின் அந்தரங்கம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில இடங்களில் தணிக்கைக்கென்று ஓவர்டைம் குறைத்துக் காட்டும் தனி வருகைப் பதிவு தயாரிக்கச் சொல்வார்கள். அப்படி ஒன்றில் உங்களை இழுத்திருந்தால் அந்தத் தணிக்கையை ரெஸ்யூமேயில் சாதனையாக எழுதாதீர்கள். தொழிலாளி உழைத்த மணி நேரத்தை மறைத்த கோப்பு அது. அதன் மேல் உங்கள் பெயரை நிறுத்தக்கூடாது.

நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உங்கள் அனுபவத்தின் பெரும்பகுதி அதற்கு முந்தையது. அந்தக் காலத்து வேலையைத் தொழிற்சாலைகள் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் என்று பழைய பெயரிலேயே எழுதுங்கள். நேற்றுப் படித்த புதுச் சட்டத்தை நாலு வருஷ அனுபவமாகக் காட்டினால் உடனே தெரிந்துவிடும். அதன் பிறகு உங்கள் கம்பெனியில் சம்பளக் கட்டமைப்பை மாற்றி அமைக்கும் வேலை நடந்து, அதில் உங்களுக்குப் பங்கு இருந்தால் மட்டும் ஒரு வரி சேருங்கள். புதுச் சட்டத்தில் ஊதியம் என்பதன் வரையறை மாறியிருக்கிறது. சட்டம் விலக்கிய படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும். நேர்காணலில் இதைப் பற்றிப் பேச்சு வரும், படித்துக்கொண்டு போங்கள்.

நீங்கள் போக நினைக்கும் இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் ஒரு இடைவெளி இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. கோயம்புத்தூர் என்ஜினியரிங் கம்பெனிகளில் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த அப்ரன்டிஸ்கள் முக்கியம். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம்வரை அப்ரன்டிஸ்களை எடுத்தாக வேண்டும், அதற்குத் தனி இணையதளப் பதிவு, ஒப்பந்தம், உதவித்தொகை எல்லாம் உண்டு. தொழிற்சங்கத்தோடு சம்பள ஒப்பந்தமும் பல இடங்களில் உண்டு. உங்கள் ரெஸ்யூமேயில் இரண்டும் இல்லை. இல்லாததை எழுத வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்களை நீங்கள் பார்த்தது மூன்றாவது பக்கத்தில் கிடக்கிறது, அதை முதல் பக்கத்துக்கு ஏற்றுங்கள். அங்கே இங்கே இரண்டு இடத்திலும் பயன்படும் வேலை அது.

இதையெல்லாம் வைத்து உங்கள் இப்போதைய வேலைக்குக் கீழே நான் எழுதுவதாக இருந்தால் இப்படி வரும். அனுப்பும்போது ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள், எண்ணும் வரையறையும் மட்டும் மாறக்கூடாது:

“பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், நேரடிப் பணியாளர் 427 (மார்ச் 2025). 2024-25-இல் தளத் தொழிலாளர் 229 பேரைச் சேர்த்தேன். 90 நாள் தாண்டியவர்கள் 67 சதவீதம், முந்தைய ஆண்டு 56.”

“ஊழியர் பதவிகள் 7. ஒப்புதலிலிருந்து ஆஃபர் ஏற்பு வரை நடு மதிப்பு 21 நாள்.”

“395 பேருக்கு வாரச் சம்பளம், 32 பேருக்கு மாதச் சம்பளம் தயாரிப்பு: வருகைப் பதிவிலிருந்து வங்கிக் கோப்பு வரை. மாத இ.சி.ஆர். மற்றும் இ.எஸ்.ஐ. கணக்குத் தயாரிப்பு.”

“வாடிக்கையாளர் சமூகத் தணிக்கைகளில் ஹெச்.ஆர். ஆவணப் பொறுப்பு. ஒப்பந்தக்காரர்களின் ஊதியப் பதிவேடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்களை மாதாமாதம் சரிபார்த்தல்.”

நாலே வரிகள். பழைய வருஷங்களின் கணக்கு நேராகும்போது அவற்றையும் இதே அமைப்பில் சேர்க்கலாம், நேராகாவிட்டால் இந்த ஒரு வருஷமே போதும். “சேர்த்தேன்” என்ற இடத்தில் உங்களோடு வேறு ஒருவரும் ஆள் எடுத்திருந்தால் “இருவர் குழுவில்” என்று போடுங்கள்.

மாதச் சம்பளத் தொகை மொத்தம் எத்தனை லட்சம் என்பதை எழுதாதீர்கள், வாடிக்கையாளர் பிராண்டுகளின் பெயரும் வேண்டாம். எண்களை எடுக்கும்போது மொத்தக் கணக்கை மட்டும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் பெயர், ஆதார், வங்கிக் கணக்கு உள்ள கோப்பை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அந்த எக்செல் தாளிலும் ஆட்களின் பெயருக்குப் பதில் பதவியை மட்டும் போடுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது 412-லிருந்து 427-க்கு வந்த கணக்கும், அந்த ஏழு பதவிகளின் நாள் கணக்கும் உள்ள ஒரு பக்கத்தைப் பையில் வைத்திருங்கள். “67 எப்படி வந்தது?” என்று கேட்டால் எடுத்துக் காட்டுங்கள். ரெஸ்யூமேயின் கடைசியில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்பதையும், இப்போது கோயம்புத்தூரில்தான் குடியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். இப்போது அதில் திருப்பூர் முகவரிதான் இருக்கிறது. தினமும் அவ்வளவு தூரம் வந்து போவாரா என்று யோசித்தே சிலர் ஒதுக்கி வைத்திருக்கலாம்.